சொல்லின் கடைசி ஒலி

ஈச்சங்காட்டு ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு மொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அந்த ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டர் சிஸ்டர் மதலேன். பிரான்சில் பிறந்து, இளம் வயதிலேயே ஜவ்வாது மலைக்கு வந்து, மலைச்சனங்களின் பேச்சையே தன் பேச்சாக்கிக்கொண்டவர். மலையில் அவரை மதலம்மா என்பார்கள். இன்னொருத்தி அமீனா. வாணியம்பாடிக்காரி. சென்னையில் கல்லூரியில் படித்தபோது இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுத்திருந்தாள். கணவன் நசீர் லாரி விபத்தில் போன பிறகு, அண்ணன் வீட்டில் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை என்று கேள்விப்பட்டு மலையேறி வந்தவள்.

அவளுடைய முக்கியமான வேலை அறிக்கை. எத்தனை பேர் தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள், யார் குணமாகி ஊர் திரும்பினார்கள், யாருக்குப் புண் ஆறவில்லை என்று மாதாமாதம் பிரான்சில் இருக்கும் தலைமை மடத்துக்கு எழுத வேண்டும். வந்த புதிதில் அமீனாவே எழுதுவாள், சிஸ்டர் சிவப்புப் பென்சிலால் திருத்துவார். அவளுடைய கல்லூரிப் பிரெஞ்சு அந்தப் பென்சிலின் முன்னால் நிற்கவில்லை.

"இன்னா அமீனா, மறுபடியும் beaucoup des malades னு எழுதிக்கிற?" என்பார் சிஸ்டர். "நிறைய நோயாளிங்கன்னு பொதுவா சொல்றப்போ beaucoup க்குப் பின்னால வெறும் de தான். des வராது. ஆனா malades ல s இருக்கணும். நிறைய பேராச்சே."

"தமிழ்ல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது சிஸ்டர். நிறைய மாத்திரைன்னு சொல்லிட்டுப் போய்ட்டே இருப்போம். மாத்திரைங்கன்னு சொன்னாதான் சிரிப்பாங்க."

"அதான் உங்க பாஷை நல்ல பாஷை. எங்க பாஷை கணக்குப்பிள்ளை மாதிரி. எண்ணிக்கை சொன்னா மட்டும் போதாது, ஒவ்வொரு வார்த்தையும் சாட்சி சொல்லணும்."

அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். chaque என்றால் ஒவ்வொரு. அது கூட்டத்தை உள்ளே விடாது, ஒருத்தரை மட்டும்தான் கூப்பிடும். அதனால் அதன் பின்னால் வரும் சொல் என்றைக்கும் ஒருமைதான். plusieurs என்றால் பல. அது ஆண், பெண் பார்க்காது, ஆனால் எப்போதும் பன்மை. quelques என்றால் சில. அதற்கும் பால் பேதம் இல்லை, s மட்டும் வேண்டும். tout என்றால் எல்லா. அதுதான் எல்லாவற்றிலும் படுத்தும். ஆணொருமைக்கு tout, பெண்ணொருமைக்கு toute, ஆண்கள் பலர் என்றால் tous, பெண்கள் பலர் என்றால் toutes. ஆண்களும் பெண்களும் கலந்திருந்தால் மறுபடியும் tous.

"ஆயிரம் பொம்பளைங்களுக்கு நடுவுல ஒரே ஒரு ஆம்பள வந்து குந்திக்கினாலும் tous தானா?" என்று அமீனா கேட்டாள்.

"அதேதான். நம்ம சடையன் ஒருத்தன் வந்து நின்னா போதும்" என்று சொல்லி சிஸ்டர் சிரித்தார்.

சடையன் அந்த ஆஸ்பத்திரியின் வார்டு ஆள். ஒரு காலத்தில் அங்கேயே நோயாளியாக வந்தவன். நோய் குணமானது, இடது கை விரல்கள் திரும்பி வரவில்லை. ஊரில் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு, நீ அங்கேயே இரு என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப் போடுவது, தண்ணீர் சுமப்பது, யாராவது இறந்தால் குழி வெட்டுவது எல்லாம் அவன்தான். தொழுநோய் வார்டில் இறப்பவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துப் போவது அபூர்வம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கடுக்காய் மரங்கள் நின்ற சரிவில் அவர்களைப் புதைப்பார்கள். சிஸ்டர் ஒவ்வொரு அடக்கத்துக்கும் போவார். இந்துவானாலும் யாரானாலும் தலைமாட்டில் நின்று, செத்தவரின் பெயரைச் சொல்லி, போய்ட்டு வா என்று தமிழில் சொல்வார். வேறு மந்திரம் கிடையாது.

காலப்போக்கில் வேலை மாறியது. சிஸ்டரே பென்சிலால் வேகவேகமாக எழுதிக் கொடுக்க, அமீனா டைப் அடிக்கத் தொடங்கினாள். சிஸ்டரின் பிரெஞ்சை டைப் அடிப்பது அவளுக்குச் சந்தோஷமான வேலை. சொற்கள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு வரும்.

1979ஆம் வருஷம், ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலை. அமீனா அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தாள். விரல் தானாக நின்றது. சிஸ்டரின் கையெழுத்தில் chaque malades என்று இருந்தது. ஒவ்வொரு நோயாளிகள்.

அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்தாள். s-ஐ விட்டுவிட்டு அடித்தாள். அடுத்த பத்தியில் plusieurs lampe. பல விளக்கு. தமிழுக்கு அது சரி. பிரெஞ்சில் lampes என்று இருக்க வேண்டும். கடைசியில் toute les soirs, எல்லா மாலையும். மாலை என்ற அந்தச் சொல் ஆண்பால், பன்மை. tous les soirs என்று வர வேண்டிய இடத்தில் பெண்ணொருமை வந்து நின்றது. ஒரு பிரெஞ்சுக்காரக் குழந்தை ஒருவேளை எழுத்தில் இப்படித் தப்புச் செய்யும். ஆனால் வாய்விட்டுப் படித்தால் அந்தக் குழந்தைக்கே காது கூசும்.

அமீனா எல்லாவற்றையும் சரிசெய்து அடித்தாள். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் சொல்லவில்லை. தன்னைப் பொறுமையாகத் திருத்தியவரிடம் போய், உங்கள் மொழியில் உங்களுக்குப் பிழை என்று எப்படிச் சொல்வது? சிஸ்டரும் படித்துப் பார்த்து, "ரொம்ப சரி" என்று கையெழுத்திட்டார்.

அடுத்த மாதம் பிழைகள் கூடின. beaucoup des enfant என்று ஒரே இடத்தில் இரண்டு தப்பு: des வரக்கூடாத இடத்தில் des வந்திருந்தது, குழந்தைகள் என்ற சொல்லில் s இல்லை. quelques இருக்க வேண்டிய இடத்தில் chaque, chaque இருக்க வேண்டிய இடத்தில் quelque. சில நாள் காய்ச்சல் அடித்த நோயாளி, அறிக்கையில் ஒவ்வொரு நாளும் காய்ச்சல் அடித்தவனாகியிருந்தான். அமீனா நோயாளியின் சீட்டைப் பார்த்துச் சரிசெய்தாள்.

அவளுக்குப் பயம் வந்தது. சிஸ்டர் லூர்துவிடம் போனாள். லூர்து திருச்சிப் பக்கத்து கன்னியாஸ்திரீ, நர்ஸ். பிரெஞ்சு தெரியாதவர்.

"மதலம்மாவுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா சிஸ்டர்? உங்களுக்கு வித்தியாசமா ஏதும் தெரியுதா?"

"ஏன் அமீனா? நல்லாத்தானே இருக்காங்க. காலைல ஒரு ஆபரேஷன் கூட செஞ்சாங்க. கை நடுங்கல, ஒண்ணுமில்ல."

உண்மைதான். தமிழில் சிஸ்டர் எப்போதும் போலத்தான் பேசினார். நிறைய பேர் வந்திருக்காங்க, சாமை நல்லா வெளஞ்சிதா, ரெண்டு மாத்திரை போடு. ஒரு குறையும் காதில் விழவில்லை. எண்ணிக்கை வந்தால் அடுத்த சொல் சாட்சி சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் தமிழில் கிடையாது. அதனால் விரிசல் இருந்தாலும் வெளியே தெரியவில்லை. தெரிந்த ஒரே இடம் அந்தப் பென்சில் எழுத்து. அதைப் பார்க்கிற ஒரே ஆள் அவள்.

ஒரு நாள் அமீனா ஒரு காரியம் செய்தாள். டைப் அடித்த தாளில் வேண்டுமென்றே chaque malades sont என்று விட்டுவைத்தாள். ஒவ்வொரு நோயாளிகள் இருக்கிறார்கள். தாளை நீட்டிவிட்டு எதிரே நின்றாள். சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிவரியாகப் படித்தார். அந்த வரியில் பார்வை நிற்கும், சிரிப்பார், திட்டுவார் என்று அமீனா காத்திருந்தாள். பார்வை தாண்டிப் போயிற்று. சிஸ்டர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

"சிஸ்டர்" என்றாள் அமீனா. "உங்க கண்ணாடியை மாத்தணும் போல இருக்குது."

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுது. எழுத்தெல்லாம் ஓடுது."

அந்தப் பதில் அமீனாவுக்கு ஆறுதலாக இருந்தது. கண்தான் என்று நம்ப ஆசைப்பட்டாள், நம்பினாள். வேலூருக்குப் போன ஜீப்பிலேயே சிஸ்டரை அனுப்பிவைத்தாள். புதுக் கண்ணாடி வந்தது. தாளை மறுபடி அடித்து, பிழையை எடுத்துவிட்டுத் தபாலில் சேர்த்தாள். அதன் பிறகும் பிழைகள் வந்தன. அதன் பிறகும் திருத்தினாள். பிரான்சுக்குப் போன ஒவ்வொரு அறிக்கையும் பழுதில்லாமல் போயிற்று.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம், பெண்கள் வார்டில் பாஞ்சாலை என்ற கிழவிக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் சிஸ்டர். கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. சடையன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தான். வலது கை துவண்டு தொங்கியது. பாஞ்சாலை அலறிய அலறலில் அலுவலகத்திலிருந்து அமீனா ஓடினாள்.

"மதலம்மா, இன்னா பண்ணுது? சொல்லும்மா!" என்று கத்திக்கொண்டிருந்தான் சடையன்.

சிஸ்டர் வாயைத் திறந்தார். "Beaucoup" என்றார். சுற்றிலும் பார்த்தார். "Beaucoup, beaucoup."

"இன்னா கேக்கறாங்க அமீனாம்மா?"

"நிறைய" என்றாள் அமீனா. "நிறையன்னு சொல்றாங்க."

"நிறைய இன்னா? வலியா? தண்ணியா?"

சிஸ்டர் தலையை ஆட்டினார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வர வேண்டிய de-யும் வரவில்லை, பெயரும் வரவில்லை. தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. சடையனின் முகம் அவருக்குத் தெரிந்தது, அவன் பெயர் வரவில்லை.

ஜீப்பில் அமிர்தி வழியாக இறங்கினார்கள். வளைவுகளில் சிஸ்டரின் தலை அமீனாவின் மடியில் உருளாமல் இருக்க, சடையன் முன்னிருக்கையில் இருந்து திரும்பி, விரலில்லாத கையால் அணைத்தபடியே வந்தான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். இடது பக்கத்தில், பேச்சு குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டி.

மூளை டாக்டர் இளைஞர், நிதானமானவர். "தொந்தரவு எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"இந்த வாரந்தான் சார்" என்றார் சிஸ்டர் லூர்து. "அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல."

"ஆடியில் ஆரம்பிச்சது" என்றாள் அமீனா.

லூர்து திரும்பிப் பார்த்தார். அமீனா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "எழுத்துல வந்தது டாக்டர். பிரெஞ்சுல ஒவ்வொருன்னு சொன்னா அடுத்த வார்த்தை ஒருமையா இருக்கணும். பன்மை போட்டாங்க. எல்லாங்கற சொல்லு ஆணா பெண்ணான்னு பார்த்து மாறணும். மாறல. அவங்க பாஷை அது. அந்தத் தப்பு அவங்களுக்கு வரவே வராது. நான் பார்த்தேன். திருத்தி அனுப்பினேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "எல்லா மாசமுமா?"

"எல்லா மாசமும்."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"கண்ணாடி மாத்தச் சொன்னேன்."

வெளியே வராண்டாவில் யாரோ ஒரு குழந்தைக்குப் பால் ஆற்றும் சத்தம் கேட்டது. அமீனா கேட்டாள்: "அப்பவே வந்திருந்தா?"

"சின்னதா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். "எடுத்திருக்கலாமோ என்னவோ. இருக்கிற இடம் மோசம். எடுத்திருந்தாலும் பேச்சு போயிருக்கலாம். என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியலைம்மா. இப்ப எடுக்க முடியாது. அதை மட்டும் உறுதியா சொல்றேன்."

நீதான் காரணம் என்றோ, நீ காரணமில்லை என்றோ அவர் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அவர் எதையும் சொல்லவில்லை. அமீனா அந்தப் பதிலோடு மலையேறினாள்.

சிஸ்டரை ஈச்சங்காட்டுக்கே கொண்டுவந்தார்கள். ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கடுக்காய்ச் சரிவு தெரியும், இன்னொரு பக்கம் கீழே இறங்கும் ஜீப் பாதை தெரியும். தமிழ் திரும்பவே இல்லை. பிரெஞ்சு மட்டும் துண்டுதுண்டாக வந்தது, அதனால் அமீனா இரவு பகல் அங்கேயே இருந்தாள். plusieurs என்று சிஸ்டர் சொன்னால் அது சிலவாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். chaque என்றால் அது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அமீனா தலையணையைக் காட்டுவாள், தண்ணீரைக் காட்டுவாள், போர்வையைக் காட்டுவாள். கண் எதில் நிற்கிறதோ அதைக் கொடுப்பாள். இப்போது திருத்தவில்லை. எது வந்ததோ அதை வந்தபடியே காதில் வாங்கினாள்.

பாஞ்சாலை தினமும் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். "எம்மா, எங்க வூட்டுல பலாப்பழம் பழுத்தா உனக்குதான் மொத சுளன்னு சொல்லிக்கினு இருந்தேனே" என்று ஒரு நாள் சொன்னாள். சிஸ்டர் அவளைப் பார்த்து, "Beaucoup" என்றார். பாஞ்சாலை புரிந்தது போலத் தலையை ஆட்டினாள்.

மார்கழிப் பனி விலகிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. அமீனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சடையன் கால்மாட்டில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். சிஸ்டர் லூர்து பூசைக்குப் போயிருந்தார். சிஸ்டர் மதலேன் கண்ணைத் திறந்து, பல வாரமாக இல்லாத தெளிவோடு அமீனாவைப் பார்த்தார்.

"Mettez-moi" என்றார். என்னை வையுங்கள்.

அமீனா குனிந்தாள். "எங்க சிஸ்டர்? Où?"

"Avec" என்றார். உடன். மூச்சு வாங்கியது. தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. "Avec tou..."

அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் ஒலி வர வேண்டும். இப்படித் தனியாக நின்று மக்களைக் குறித்தால், ஆண்களும் பெண்களும் கலந்த எல்லோரும் என்றால் தூஸ் என்று முடியும். பெண்கள் மட்டும் என்றால் தூத் என்று முடியும். சிஸ்டரின் உதடு குவிந்தபடியே நின்றது. ஒலி வரவில்லை. அமீனா அவர் வாயருகே காதை வைத்துக் காத்திருந்தாள். அதன் பிறகு எதுவும் வரவில்லை.

மத்தியானத்துக்குள் மலை முழுக்கச் செய்தி பரவிற்று. மறுநாள் காலையில் புதுச்சேரியிலிருந்து மதர் கிளேர் வந்து சேர்ந்தார். சபையின் இந்தியப் பிரிவுக்குத் தலைவி, பிரெஞ்சுக்காரர், மதலேனோடு ஒரே கப்பலில் வந்தவர். உடலின் பக்கத்தில் வெகுநேரம் மண்டியிட்டிருந்துவிட்டு எழுந்தார். சடையனும் நடக்க முடிந்த நோயாளிகளும் வராண்டாவில் கூடியிருந்தார்கள். சடையன் விடியும் முன்பே சரிவில் குழி வெட்டத் தொடங்கியிருந்தான்.

"எங்கள் சபை சகோதரிகள் எல்லாரும் புதுச்சேரிக் கல்லறையில்தான் இருக்கிறார்கள்" என்றார் மதர், திருத்தமான தமிழில். "அதுதான் விதி. இறந்தவர் வேறு இடம் கேட்டிருந்தால் மட்டும் மாற்றலாம். மதலேன் ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாங்க" என்றான் சடையன். "நான் அங்கதான் இருந்தேன். என்னை வைங்கன்னு அமீனாம்மாகிட்ட சொன்னாங்க. சரிவைப் பாத்துக்கினே சொன்னாங்க."

மதர் அமீனாவின் பக்கம் திரும்பினார். பிரெஞ்சில் கேட்டார், என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல் என்று. அமீனா சொன்னாள். Mettez-moi avec tou. அங்கே நிறுத்தினாள்.

"Tous?" என்றார் மதர். "அல்லது toutes?"

கேள்வி என்னவென்று இருவருக்கும் தெரியும். tous என்றால் எல்லோருடனும். இங்கே, சரிவில் கிடக்கும் ஆண்களுடனும் பெண்களுடனும். toutes என்றால் எல்லாச் சகோதரிகளுடனும். புதுச்சேரியில்.

வராண்டா முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும், அவள் வாயிலிருந்து விழப்போகும் ஒரு சொல்லில் காரியம் நிற்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஓர் எழுத்து. நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக் காற்றை விட்டால் போதும். ஆடியிலிருந்து எத்தனையோ முறை சிஸ்டருக்காக அவள் அந்த s-ஐப் போட்டிருக்கிறாள், எடுத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல். அன்போடுதான் செய்தாள். அந்த அன்புதான் நோயை மூடிவைத்தது.

"கடைசி ஒலி எனக்குக் கேக்கல மதர்" என்றாள் அமீனா. தமிழில் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவங்க சொல்லி முடிக்கல."

மதர் கிளேரின் கண்கள் நிறைந்தன. "நீ எதை நினைக்கிறாய்?"

"இங்கதான்னு நினைக்கிறேன். ஆனா அது என் நினைப்பு. அவங்க சொன்னது இல்ல."

மதர் உள்ளே கிடந்த உடலைத் திரும்பிப் பார்த்தார். தன் தோழிக்கு என்ன வேண்டியிருந்தது என்று அவருக்கும் தெரியாது. தெரியாதபோது விதிதான் பேசும். உடலை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

அமீனாவோடு யாரும் பேசவில்லை. நடக்க முடிந்தவர்கள் ஜீப்பின் பின்னால் நடந்தார்கள். பாஞ்சாலை கட்டுக் காலோடு வாசல்வரை வந்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முதல் வளைவுவரை தெரிந்தது வெள்ளைத் துணி. அதற்கப்புறம் பனிதான்.

சடையன் நடக்கவில்லை. பின்பக்கம் போய், வெட்டிய குழியை மண் போட்டு மூடத் தொடங்கினான். அமீனா சரிவுக்குப் போனாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு எழுத்தாமே" என்றான் மண்வெட்டியை நிறுத்தாமல். "மதரைக் கேட்டு லூர்து சிஸ்டர் சொன்னாங்க. ஒரே ஒரு எழுத்து சொல்லியிருந்தா எங்க அம்மா இங்க இருந்திருக்கும்."

"ஆமா."

"சொன்னா இன்னா? உன் வாயா தேய்ஞ்சிடும்?"

அமீனா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். "கேட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல சடையா. அதுதான் என்னை அறுக்குது. தூஸ்னு நல்லா காதில விழுந்திருந்தாலும் அது நிஜம்னு எப்படி நம்பறது? ஆடியிலிருந்து அவங்க எல்லாங்கற அந்தச் சொல்லை மாத்தி மாத்தித்தான் போட்டாங்க. ஆண் வர்ற எடத்துல பெண்ணு, பல வர்ற எடத்துல ஒண்ணு. அந்தக் கட்டி மொதல்ல தின்னது அதைத்தான். சொல்லோட வாலை."

சடையன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். முகம் வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

"ஏம்மா, அவங்க பாஷையில எல்லாருங்கறதுக்குக் கூட ஆம்பள, பொம்பள உண்டா?"

"உண்டு."

"நம்மளதுல இல்லியே."

"இல்ல."

"முப்பது வருஷம் நம்ம பாஷைலதான பேசிச்சு அது. கடைசியா ஒரே ஒரு தடவை நம்ம பாஷைல எல்லாரோடயும்னு சொல்லியிருந்தா..." குழி பாதி மூடியிருந்தது. மீதியை மூட மறுபடி குனிந்தான்.

அமீனா எழுந்து போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்து வந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவள் எதிர்ப்பக்கம் நின்று மண்ணைத் தள்ளினாள். அவளைக் குற்றம் சொல்வதை அவன் விட்டுவிட்டானா என்று தெரியவில்லை. பொங்கல் கழிந்த பிறகும் அவன் அவளோடு அதிகம் பேசவில்லை. வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்.

தை மாதம், மார்கழி அறிக்கையை எழுதச் சொல்லிப் புதுச்சேரியிலிருந்து தகவல் வந்தது. புது டாக்டர் வரும்வரை அமீனாவே எழுதலாம் என்றார் மதர் கிளேர். அமீனா எழுதினாள். நோயாளிகள், கட்டுகள், மருந்துகள், இறப்பு ஒன்று. எழுதி முடித்ததை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் சரியாகத்தான் இருப்பதாகத் தோன்றியது. ஆனால் சரி என்று சொல்ல அந்த மலையில் இப்போது யாருமில்லை.